டேர்ம் பாலிசி கைக்கு வரட்டும், அப்புறம் சரண்டர் பண்ணலாம்

கடலூர் முதுநகர்ல படகு இன்ஜின் பார்க்கிற என் மச்சான், சேமிப்பும் காப்பும் சேர்ந்த 20 வருஷ எண்டோவ்மென்ட் பாலிசியை பாதியிலேயே சரண்டர் பண்ணக் கிளம்பினார். வருஷம் 24,000 வீதம் 5 வருஷத்துல கட்டினது 1,20,000. சரண்டர் தாள்ல வந்தது 66,000 சொச்சம். "போனஸோட வரும்னாங்களேடா!" அது முதிர்வுக் கணக்கு மச்சான், கடைசி வரை கட்டினாத்தான்.

அவர் இறந்தா இதுல கிடைக்கிற காப்புத்தொகை 5 லட்சம், அதுவரை சேர்ந்த போனஸும் உண்டு. இறந்தா மட்டும் பணம் தர்ற டேர்ம் பாலிசியை 50 லட்சத்துக்கு எடுக்கலாம். ஆனா சாதாரண டேர்ம்ல சரண்டரும் முதிர்வும் கிடையாது. அவருக்கு சர்க்கரை வேற, மெடிக்கல்ல மறுத்துட்டா ரெண்டும் போச்சு. அதனால முதல்ல டேர்ம் பத்திரம் கைக்கு வரட்டும்.

பழையதை பெய்டு-அப் ஆக்கவும் வழியிருக்கு. இனி பிரீமியம் வேண்டாம். காப்புத்தொகையில 20-ல 5 பங்கு, அதாவது 1,25,000, சேர்ந்த போனஸோட முதிர்வுல வரும். ஏஜென்ட் இதைச் சொல்லவே இல்லை.