காலையில் முதல் அடி வைத்ததும் குதிகால் குத்துகிறதா? ஓடுபவர்களுக்கான செய்முறை

என் சித்தி மகன் காவலர் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தான். 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். வேலூர் கோட்டையைச் சுற்றி வாரத்துக்கு மூன்று நாள், தலா 3 கிலோமீட்டர் ஓடியவன், அறிவிப்பு வந்ததும் வாரத்துக்கு ஆறு நாள், தலா 6 கிலோமீட்டர் என்று மாற்றிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை ரத்தினகிரி படிக்கட்டு வேறு. 9 கிலோமீட்டருக்குப் பழகிய காலுக்கு 36 கிலோமீட்டர். மூன்றாவது வாரம் ஒரு காலையில், கட்டிலிலிருந்து இறங்கியவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். “அண்ணா, குதிகால்ல ஆணி இறங்கின மாதிரி இருக்கு” என்றான். இருபது அடி நொண்டி நடந்ததும் வலி குறைந்தது. சாயங்காலம் மறுபடி வந்தது.

இதுதான் பிளான்டார் ஃபேசியைடிஸ். ஊரில் குதிவாதம் என்பார்கள். குதிகால் எலும்பிலிருந்து விரல்கள் வரை பாதத்தின் அடியில் கெட்டியான நார்ப்பட்டை ஒன்று ஓடுகிறது. பாத வளைவைத் தாங்குவது அதுதான். ஓட்டத்தைத் திடீரென்று கூட்டினால், அது எலும்பில் ஒட்டியிருக்கும் இடம் தேறுவதற்கு நேரம் கிடைக்காமல் நைந்துபோகிறது. கெண்டைக்கால் இறுகியிருந்தாலும், ஷூ தேய்ந்திருந்தாலும் பாரம் இன்னும் ஏறும். தூங்கும்போது பாதம் கீழ்நோக்கித் தளர்ந்திருப்பதால் பட்டை சுருங்கிக் கிடக்கிறது. காலையில் எழுந்து நிற்கும்போது உடம்பின் மொத்த எடையும் அதை ஒரே இழுப்பாக இழுக்கிறது. முதல் அடி மட்டும் அப்படிக் குத்துவது அதனால்தான்.

முதலில் இடத்தைப் பாருங்கள். குதிகாலின் அடியில், உட்பக்கமாகச் சற்று முன்னால் கட்டைவிரலால் அழுத்துங்கள். அங்கே சுருக்கென்று வலித்தால் பெரும்பாலும் இதுதான். அடுத்து, குதிகாலை இரண்டு பக்கமும் உள்ளங்கையால் அமுக்குங்கள். அதில் கடுமையாக வலித்தால் எலும்பில் விரிசல் இருக்கலாம். ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். மரத்துப்போவது, எரிச்சல், ஓடும்போது ‘பட்’டென்று அறுந்த உணர்வு, படுத்திருக்கும்போதும் விடாத வலி இருந்தாலும் அப்படித்தான்.

கட்டிலை விட்டு இறங்கும் முன். வலிக்கிற காலை மறு தொடை மேல் போடுங்கள். விரல்களைக் கையால் பிடித்து முழங்கால் பக்கமாக மடக்கி இழுங்கள். இன்னொரு கையால் பாதத்தின் அடியைத் தொட்டால், பட்டை கயிறு மாதிரி விறைத்து நிற்பது தெரியும். தெரியாவிட்டால் நீங்கள் பாதத்தை இழுக்கிறீர்கள், விரல்களை அல்ல. 10 விநாடி பிடித்து விடுங்கள். 10 தடவை. அப்புறம்தான் தரையில் கால் வைக்க வேண்டும். பகலிலும் இரண்டு வேளை செய்யுங்கள். வீட்டு டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நடக்காமல், மெத்தென்ற செருப்பு போடுங்கள்.

ஒருநாள் விட்டு ஒருநாள், மாடிப்படியில். ஒரு துண்டைச் சுருட்டிப் படியின் விளிம்பில் வைத்து, விரல்கள் அதன்மேல் மடங்கி நிற்கும்படி முன்பாதத்தை ஊன்றுங்கள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு 3 விநாடியில் குதிகாலை உயர்த்துங்கள். மேலே 2 விநாடி நில்லுங்கள், 3 விநாடியில் இறக்குங்கள். இதை ஒற்றைக் காலில் 12 தடவை, மூன்று சுற்று செய்ய வேண்டும். முடியாவிட்டால் இரண்டு காலிலும் ஆரம்பிக்கலாம். எளிதானதும் முதுகில் புத்தகம் நிரப்பிய பை ஒன்றை மாட்டிக்கொள்ளுங்கள். பலர் அவசரமாக ஏறி இறங்குகிறார்கள். மெதுவாகச் செய்தால்தான் நார் பலப்படும்.

எவ்வளவு ஓடலாம்? இதற்கு மறுநாள் காலை முதல் அடிதான் அளவு. வலிக்கு 10-க்கு மதிப்பெண் போட்டு நாள்காட்டித் தாளில் எழுதுங்கள். தம்பி முதல் வாரம் 7 என்று எழுதினான். ஓட்டத்தை நிறுத்திவிட்டு சைக்கிள் மிதித்தான். ஐந்தாவது வாரம் 3 ஆனதும், 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை என்று பத்து சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள் தொடங்கினான். மறுநாள் எண் ஏறவில்லை என்றால் கொஞ்சம் கூட்டுவான், ஏறினால் பழைய அளவுக்கே திரும்புவான்.

சித்தி செங்கல்லைச் சுட்டு எருக்கிலை வைத்து ஒத்தடம் கொடுத்தார். சூடு இதமாக இருக்கும், நைந்த நாரைத் தேற்றாது. சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்கள் இதைச் செய்யவே கூடாது, வெந்துபோனாலும் தெரியாது. எக்ஸ்ரேயில் எலும்பு முள் தெரிகிறதே என்றும் பயப்படாதீர்கள். வலியே இல்லாத பலருக்கும் அது உண்டு. ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு வலியைக் குறைக்கும். ஆனால் பட்டை அறுந்துபோகும் அபாயமும் இருக்கிறது. அதனால் வலி குறைந்தவுடனே ஓடப் போகாதீர்கள். பெரும்பாலானோருக்கு ஊசி இல்லாமலே சரியாகிறது, ஆனால் மாதக்கணக்கில் ஆகும்.

தம்பிக்குப் பன்னிரண்டாவது வாரம் காலை எண் 1. மறுபடியும் கோட்டையைச் சுற்றி வாரம் மூன்று நாள், 3 கிலோமீட்டர். மாடிப்படிப் பயிற்சியை விடவில்லை. ரத்தினகிரி படிக்கட்டை இன்னும் தொடவில்லை.