லெட்ஜரில் இல்லாத பாக்கியைக் கண்டுபிடிப்பது எப்படி: ஜனவரி பேமென்ட்டும் சப்ளையர் ஸ்டேட்மென்ட்டும்

ஆடிட் ஃபர்மில் சேர்ந்த முதல் வருடம் சப்ளையர் பாக்கியைப் பார்க்கச் சொன்னால், பெரும்பாலானவர்கள் ஒரே மாதிரிதான் தொடங்குவார்கள். டிசம்பர் 31 பாக்கிப் பட்டியலை வாங்கி, பெரிய தொகைகளைத் தேர்ந்தெடுத்து, இன்வாய்ஸோடு ஒப்பிட்டு டிக் அடிப்பார்கள். அந்த வேலை பட்டியலில் இருப்பது உண்மைதானா என்று மட்டும் சொல்லும். பட்டியலில் ஏறாமலே போன பாக்கியை அது ஒருநாளும் காட்டாது. சப்ளையர் பாக்கியில் நாம் பயப்பட வேண்டியது அந்த ஏறாத பாக்கிக்குத்தான், ஏனென்றால் செலவைக் குறைத்து லாபத்தைக் கூட்டுவது அதுதான்.

ஆகவே தேடலைப் பட்டியலுக்கு வெளியே தொடங்க வேண்டும். வங்கியிலிருந்தும் சப்ளையரிடமிருந்தும் தொடங்கி லெட்ஜரை நோக்கி வர வேண்டும். நான் செய்த ஒரு வேலையை வைத்தே சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி எண்களையும் சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன்.

சிங்கப்பூரின் காக்கி புக்கிட்டில் ஸ்டோர் வைத்திருக்கும், ஏர்கான் பொருத்தும் ஒரு கான்ட்ராக்ட் நிறுவனம். கணக்காண்டு முடிவு 2024 டிசம்பர் 31. பாக்கிப் பட்டியலின் மொத்தம் 612,400 வெள்ளி. இந்த வேலைக்கு நாங்கள் வைத்த செயல்பாட்டு வரம்பு, அதாவது பெர்ஃபார்மன்ஸ் மெட்டீரியாலிட்டி, 40,000 வெள்ளி. களப்பணி 2025 பிப்ரவரி 21 வரை நடந்தது.

படி 1: எத்தனை நாள் பார்ப்பது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

போன வருட வேலைத்தாளில் "ஜனவரி முழுக்கப் பார்த்தோம்" என்று இருந்தால் அதையே காப்பி அடிக்காதீர்கள். நிறுவனம் சராசரியாக எத்தனை நாளில் பணம் கட்டுகிறது என்று பாருங்கள். 30 நாளில் கட்டினால் ஜனவரி, பிப்ரவரி பேமென்ட்டுகள் டிசம்பர் சரக்கைக் காட்டிவிடும். 90 நாள் ஆகிறது என்றால் பிப்ரவரியில் போகும் பணம் நவம்பர் சரக்குக்கு உரியது. டிசம்பர் சரக்குக்கு இன்னும் பணமே போயிருக்காது, நீங்கள் என்ன தேடினாலும் அது கிடைக்காது. அப்படிப்பட்ட இடத்தில் பேமென்ட்டோடு சேர்த்து, ஜனவரி 1 முதல் பதிவான இன்வாய்ஸ்களையும், வந்து இன்னும் பதியாமல் கிடக்கும் இன்வாய்ஸ் ஃபைலையும் பார்க்க வேண்டும்.

இந்த நிறுவனம் பெரும்பாலும் 30 முதல் 45 நாளில் கட்டிவிடும். போதாததற்கு 2025-இல் சீனப் புத்தாண்டு ஜனவரி 29-இல் வந்தது. அதற்கு முன் பழைய பாக்கியைத் தீர்த்துவிடுவது இங்குள்ள பல முதலாளிகளின் வழக்கம். அதனால் ஜனவரி மூன்றாம், நான்காம் வாரத்தில் பேமென்ட்டுகள் குவிந்திருந்தன. பிப்ரவரி 21 வரை பார்த்தது போதுமானதாக இருந்தது.

படி 2: பேமென்ட் பட்டியலை வங்கி ஸ்டேட்மென்ட்டிலிருந்து எடுங்கள்

வாடிக்கையாளர் அச்சடித்துத் தரும் கேஷ் புக்கிலிருந்து எடுக்க வேண்டாம். எல்லா வங்கிக் கணக்குகளுக்கும் ஜனவரி 1 முதல் ஸ்டேட்மென்ட் வாங்குங்கள். ஜைரோவில் மொத்தமாகப் போகும் பணம் ஸ்டேட்மென்ட்டில் ஒரே வரியாகத் தெரியும். அந்த ஒரு வரிக்குள் இருபது சப்ளையர்கள் இருக்கலாம். அந்தத் தொகுப்பின் விவரப் பட்டியலைக் கேட்டு வாங்கி, கூட்டுத்தொகை வங்கி வரியோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே உள்ளே போங்கள்.

டிசம்பர் 31-க்குள் கேஷ் புக்கில் எழுதிவிட்ட காசோலைகளை விட்டு, 8,000 வெள்ளிக்கு மேல் போன எல்லாவற்றையும் எடுத்தோம். 40,000-இல் ஐந்தில் ஒரு பங்கு அது. ஒவ்வொரு ஃபர்முக்கும் வழக்கம் வேறு, உங்கள் மேனேஜரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மொத்தம் 14 பேமென்ட்டுகள் வந்தன.

படி 3: ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி: சரக்கோ சேவையோ எப்போது வந்து சேர்ந்தது?

பணம் போன தேதி நமக்கு முக்கியமில்லை. இன்வாய்ஸ் தேதியும் முடிவான பதில் இல்லை. பார்க்க வேண்டியது கையெழுத்துப் போட்ட டெலிவரி ஆர்டர், நாம் பேச்சில் சொல்லும் டி.ஓ. சேவையாக இருந்தால் எந்த மாதத்து வேலை என்பதைப் பாருங்கள்.

14-இல் ஒன்பது ஏற்கெனவே பட்டியலில் அதே தொகையில் இருந்தன. மீதி ஐந்தில் ஒன்று ஜனவரி வாடகை, இன்னொன்று ஜனவரி 9-இல் இறங்கிய சரக்கு. இரண்டும் 2025-க்கு உரியவை. அடுத்த இரண்டு மத்திய சேம நிதியும் வெளிநாட்டு ஊழியர் லெவியும். லெவி ஜனவரி 17-இல் ஜைரோவில் போனாலும் அது டிசம்பர் மாதத்து லெவி. சேம நிதியும் அப்படியே, டிசம்பர் சம்பளத்துக்கு உரியது. சப்ளையர் பட்டியலில் இல்லையே என்று உடனே தவறாகக் குறிக்க வேண்டாம். அக்ரூவல் பட்டியலைத் திறந்து பாருங்கள். இங்கே இரண்டும் அதில் இருந்தன.

ஐந்தாவதுதான் நம்மை நிறுத்தியது. ஜனவரி 24-இல் 23,544 வெள்ளி போயிருக்கிறது. பேமென்ட் வவுச்சருக்குப் பின்னால் ஜனவரி 8 தேதியிட்ட கேபிள் டிரே இன்வாய்ஸ்: 21,600 வெள்ளியும் அதற்கு 9 சதவீத ஜிஎஸ்டி 1,944 வெள்ளியும். அதைப் பார்த்துவிட்டு "2025 இன்வாய்ஸ், சரி" என்று அடுத்ததற்குப் போயிருக்க முடியும். அதன் பின்னால் ஸ்டேபிள் அடித்த மூன்று டி.ஓ.க்களைப் புரட்டினால் கதை வேறு. டிசம்பர் 27-இல் 9,200 வெள்ளிச் சரக்கு, டிசம்பர் 30-இல் 7,400, ஜனவரி 3-இல் 5,000. முதல் இரண்டும் 2024-இல் வந்து சேர்ந்தவை. ஆக, 16,600 வெள்ளி பதியாத பாக்கி. இன்வாய்ஸே ஜனவரியில்தான் வந்தது என்பதால் ஜிஎஸ்டியைச் சேர்க்காமல் 16,600-ஐ மட்டும் அக்ரூவலாக எடுத்தோம்.

இந்த இடத்தில் இன்னொரு தாளையும் திறந்தாக வேண்டும், அது டிசம்பர் 31 சரக்கு எண்ணிக்கைத் தாள். அந்த கேபிள் டிரேக்கள் எண்ணப்பட்டிருந்தன. அதாவது சரக்கு இருப்பில் ஏறிவிட்டது, கொள்முதலில் ஏறவில்லை. அதனால் லாபம் 16,600 வெள்ளி கூடிப்போயிருந்தது. எண்ணிக்கையிலும் விட்டுப்போயிருந்தால் சரக்கும் பாக்கியும் சேர்ந்தே குறைந்திருக்கும், லாபம் மாறியிருக்காது. ஒரே பிழைதான், ஆனால் லாபத்தின் மீது அதன் விளைவு வேறு. எண்ணிக்கைத் தாளைப் பார்க்காமல் சரிக்கட்டும் பதிவை எழுதிவிடாதீர்கள்.

படி 4: சப்ளையர் ஸ்டேட்மென்ட்

பேமென்ட் வழியில் ஓர் ஓட்டை உண்டு. இன்னும் கட்டப்படாத பாக்கி அதில் சிக்காது. தகராறில் இருக்கும் இன்வாய்ஸ் மாதக்கணக்கில் கட்டப்படாமலே கிடக்கும். அதைப் பிடிக்கத்தான் ஸ்டேட்மென்ட்.

யாரிடம் கேட்பது என்பதில்தான் புதியவர்கள் தவறுகிறார்கள். பெரிய பாக்கி உள்ளவர்களை மட்டும் தேர்ந்தெடுத்தால் பழைய தவறுக்கே திரும்பிவிடுகிறோம். வருடம் முழுக்க நிறைய வாங்கியும் டிசம்பர் 31-இல் பாக்கி குறைவாகவோ பூஜ்ஜியமாகவோ இருக்கும் சப்ளையர்களைத் தேர்ந்தெடுங்கள். இந்தக் கம்பெனிக்கு டக்ட் தகடு கொடுப்பவர் அப்படிப்பட்டவர். வருடத்தில் நான்கு லட்சம் வெள்ளிக்கு மேல் கொள்முதல், லெட்ஜரிலோ பாக்கி வெறும் 18,900.

முடிந்தவரை ஸ்டேட்மென்ட் சப்ளையரிடமிருந்து நேராக உங்கள் ஃபர்முக்கே வரட்டும். வாடிக்கையாளர் ஃபார்வர்ட் செய்யும் பிடிஎஃப் திருத்தப்பட்டிருக்கலாம். அனுப்பிய மின்னஞ்சல் முகவரி அந்த சப்ளையருடையதுதானா என்றும் பாருங்கள்.

அவர் அனுப்பியது 47,250 வெள்ளி. வித்தியாசம் 28,350. இதை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும். டிசம்பர் 30-இல் தபாலில் போட்ட 12,000 வெள்ளி காசோலை அவர் கைக்கு ஜனவரியில் சேர்ந்தது. அது வழியில் இருந்த பணம், பிழை இல்லை. அது வங்கியில் எப்போது கழிந்தது என்று ஜனவரி ஸ்டேட்மென்ட்டில் பார்த்துக்கொண்டோம். அடுத்தது டிசம்பர் 30 தேதியிட்ட 2,180 வெள்ளி இன்வாய்ஸ். அதன் டி.ஓ. ஜனவரி 3, சரக்கு அன்றுதான் இறங்கியது, அதனால் அது 2024 பாக்கி ஆகாது. கேபிள் டிரே கதைக்கு நேர் எதிர் இது.

மிச்சம் 14,170 வெள்ளி. டிசம்பர் 19 இன்வாய்ஸ்: 13,000 வெள்ளியும் ஜிஎஸ்டி 1,170-உம். ஜூரோங் சைட்டில் டிசம்பர் 18-இல் இறங்கி, பொருத்தியும் ஆகிவிட்டது. சில தகடுகள் வளைந்திருந்தன என்று புராஜெக்ட் மேனேஜர் இன்வாய்ஸைத் தன் மின்னஞ்சலிலேயே நிறுத்தி வைத்துவிட்டார். கணக்குப் பிரிவுக்கு அது போகவே இல்லை, பிப்ரவரி 21 வரை பணமும் கட்டவில்லை. சப்ளையர் கிரெடிட் நோட் கொடுக்க ஒப்புக்கொண்டாரா என்று கேட்டோம். ஒப்புக்கொள்ளவில்லை. எழுத்தில் எந்தக் குறைப்பும் இல்லாதபோது முழுத் தொகையும் பாக்கிதான்.

படி 5: கூட்டிப் பார்ப்பதற்கு முன் காரணத்தைக் கேளுங்கள்

இரண்டும் சேர்ந்து 30,770 வெள்ளி, 40,000-க்குள் தானே என்று விட்டுவிடத் தோன்றும். விடக்கூடாது. இரண்டுக்கும் காரணம் ஒன்றே. இன்வாய்ஸ் கையில் வந்தால்தான் கணக்குப் பிரிவு பதிகிறது, டி.ஓ. சைட்டிலேயே தங்கிவிடுகிறது. அப்படியென்றால் 8,000-க்குக் கீழும், ஸ்டேட்மென்ட் கேட்காத சப்ளையர்களிடமும் இதே பிழை இருக்க வாய்ப்புண்டு.

டிசம்பர் டி.ஓ.க்களைக் கேட்டபோது கணக்குப் பிரிவில் பாதிதான் இருந்தன. சைட் சூப்பர்வைசரை அழைத்தேன். "தம்பி, மிச்சமெல்லாம் இங்க கண்டெய்னர்ல கிளிப் போர்டுல மாட்டியிருக்கு. மாசக் கடைசியில ஆபீஸ் லாரி வந்தா கொடுத்துவிடுவோம், டிசம்பர்ல லாரி வரல" என்றார். மறுநாள் ஜூரோங்குக்குப் போய் அந்த கிளிப் போர்டை எடுத்து, அதில் மாட்டியிருந்த ஒவ்வொரு டி.ஓ.வையும் பாக்கிப் பட்டியலோடும் அக்ரூவலோடும் ஒப்பிட்டோம். ஒன்று தனியாக நின்றது. மூன்று சிசர் லிஃப்ட் வாடகை, நவம்பர் முதல் சைட்டில். லிஃப்டைத் திருப்பி எடுக்கும்போதுதான் பில் போடுவது அந்த சப்ளையரின் வழக்கம். பில் வரவில்லை, பணமும் போகவில்லை, ஸ்டேட்மென்ட்டிலும் வந்திருக்காது. பர்ச்சேஸ் ஆர்டரில் உள்ள விலை ஒரு லிஃப்டுக்கு மாதம் 1,050 வெள்ளி. இரண்டு மாதத்துக்கு 6,300.

படி 6: வேலைத்தாளில் எழுதுவது

ஒவ்வொரு வரிக்கும் வங்கியில் போன தேதி, இன்வாய்ஸ் தேதி, டி.ஓ. தேதி, எந்த ஆண்டுக்கு உரியது, பட்டியலில் உள்ளதா என்ற ஐந்தையும் தனித்தனிக் கட்டத்தில் எழுதுங்கள். "பார்த்தேன், சரி" என்று எழுதினால் ரிவ்யூ செய்பவருக்கு நீங்கள் எந்தத் தாளைப் பார்த்தீர்கள் என்றே தெரியாது. டி.ஓ. கிடைக்காத வரியை வெறுமையாக விடாமல், கிடைக்கவில்லை என்றும் அதற்குப் பதிலாக எதைப் பார்த்தீர்கள் என்றும் எழுதுங்கள்.

இந்த வேலையில் பதியாத பாக்கி மொத்தம் 37,070 வெள்ளி. அதில் ஜிஎஸ்டி 1,170 போக, லாபத்தைக் குறைப்பது 35,900. நிறுவனம் மூன்றையும் பதிந்தது. பாக்கியும் அக்ரூவலும் அந்த அளவுக்கு உயர்ந்தன. சைட் கண்டெய்னரில் டி.ஓ. தங்கிவிடுவது பற்றி நிர்வாகத்துக்கு எழுதிய கடிதத்தில் தனிப் பத்தி போட்டோம். அடுத்த வருட ஃபைலின் முதல் பக்கத்தில், டிசம்பர் 31 அன்றே சைட் கிளிப் போர்டைப் படம் எடுத்து வர வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறேன்.