லாரி டயரில் 152/148: எந்த எண் எந்த அச்சுக்கு?

22.5 இன்ச் ரிம்முக்கான டியூப்லெஸ் டயர் ஒன்றின் பக்கவாட்டில் 295/80R22.5 152/148M என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 295 என்பது மில்லிமீட்டரில் அகலம். 80 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் 80 சதவீதம், அதாவது 236 மி.மீ. R என்றால் ரேடியல்.

பலர் தடுமாறுவது அடுத்து வரும் இரட்டை எண்ணில்தான். 152, 148 இரண்டும் கிலோ அல்ல, சுமைக் குறியீடுகள். ஒற்றை டயராக ஓடினால் 152, அதாவது 3,550 கிலோ. ஜோடியாக ஓடினால் 148, டயருக்கு 3,150 கிலோ. ஜோடியில் இரண்டும் ஒருபோதும் சரிபாதியாகச் சுமப்பதில்லை. நடுவில் சூடும் தேங்கும். அதனால்தான் இந்தக் குறைப்பு.

ஆகவே நான்கு டயர் உள்ள பின் அச்சுக்கு 4 × 3,150 = 12,600 கிலோதான் டயர்களின் வரம்பு. முதல் எண்ணைப் பிடித்துக்கொண்டு 14,200 என்று கணக்குப் போட்டால் 1,600 கிலோ அதிகம்! அச்சின் வரம்போ சட்ட வரம்போ இதைவிடக் குறைவாக இருந்தால் அதுதான் செல்லும்.

கடைசி M, மணிக்கு 130 கி.மீ. வேகம். இந்தச் சுமையெல்லாம் பக்கச்சுவரில் அதனுடன் குறிப்பிட்ட காற்றழுத்தம் இருந்தால் மட்டுமே. ஜோடியில் உள் டயரில் காற்று குறைந்தால் வெளி டயர்தான் கூடுதலாகச் சுமக்கும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. காலையில் டயர் சூடாகும் முன் இரண்டுக்கும் கேஜ் வையுங்கள்.