கல்யாண போட்டோ பேக்கேஜுக்கு விலை போடுறது எப்படி: ஹட்டன் பக்கத்து ஒரு கல்யாணத்தை வச்சே கணக்கு பார்ப்போம்

புதுசா கெமரா தூக்கின தம்பி தங்கச்சிங்க நிறைய பேர் என்கிட்ட கேக்குற முதல் கேள்வியே "அண்ணே, ஒரு கல்யாணத்துக்கு எவ்வளவு சொல்லலாம்?"ங்கிறதுதான். மத்தவங்க போஸ்ட்ல என்ன விலை போட்டிருக்காங்கன்னு பார்த்து அதுல ஐயாயிரம் கொறச்சு சொல்றதுதான் பொதுவா நடக்குது. நானும் தொடக்கத்துல அப்படித்தான் 75,000 ரூபா சொல்லி எடுத்தேன், கையில பணம் வந்த மாதிரியே இருந்துச்சு, ஆனா அல்பம் பிரிண்ட் போட போற நேரத்துல பார்த்தா பர்ஸ்ல ஒன்னுமே இல்ல. அது ஏன்னு இந்தக் கணக்குலயே தெரியும்.

எடுத்துக்கிற கல்யாணம் இதுதான். நீங்க இருக்கிறது ஹட்டன்ல. பொண்ணு வீடு பொகவந்தலாவைக்கு மேல ஒரு தோட்டத்துல, முகூர்த்தம் காலையில 6 மணிக்கு தோட்டத்து கோயில்ல, சாயந்தரம் ரிசெப்சன் ஹட்டன்ல ஒரு ஹோல்ல. ஒரே நாள், 40 பக்க அல்பம் ஒன்னு. இங்க வர்ற தொகையெல்லாம் உதாரணத்துக்கு வச்சது, உங்க லேப் விலையையும் உங்க வேன்காரர் சொல்ற விலையையும் போட்டு மாத்திக்கங்க, கணக்கு போடுற வழி மட்டும் மாறாது.

1. விலை சொல்றதுக்கு முன்னாடி கேளுங்க

பொண்ணோட அப்பா போன் எடுத்து "தம்பி, போட்டோவுக்கு எவ்வளவு எடுப்பீங்க?"ன்னு கேட்டா உடனே தொகை சொல்லிடாதீங்க. "மாமா, முகூர்த்தம் எத்தன மணிக்கு, எந்த தோட்டம், எந்த டிவிசன், வேன் வீட்டு வாசல் வரைக்கும் வருமா, ரிசெப்சன் எங்க, அல்பம் ஒன்னா ரெண்டு வீட்டுக்கும் தனித்தனியா?"ன்னு கேட்டுட்டு, சாயந்தரம் நானே எடுத்து சொல்றேன்னு வச்சிடுங்க. டிவிசன் பேரை கேக்குறது ரொம்ப முக்கியம். தோட்டம் பேரு ஒன்னா இருந்தாலும் மேல் டிவிசனுக்கும் கீழ் டிவிசனுக்கும் நடுவுல அரை மணி நேர பாதை இருக்கும், மழை பேஞ்சா வேன் ஏறாம பாதி வழியில ஓட்டோவுக்கு மாற வேண்டி வரும், அந்த ஓட்டோ காசு யாருதுன்னு அன்னிக்கு காலையில 4 மணிக்கு நின்னு பேச முடியாது.

2. கையை விட்டு போற காசு

இது மூனே மூனு. கூட வர்ற ரெண்டாவது போட்டோகிராபருக்கு 12,000. லேப்ல 12க்கு 30 சைஸ், 40 பக்க அல்பம், பெட்டியோட 32,000. மிச்சம் பயணம்.

பயணத்துல எல்லாரும் போற தூரத்தை மட்டும் எண்ணுறாங்க. வேன் ஓடுறது உங்க வீட்டு வாசல்லேருந்து திரும்ப உங்க வீட்டு வாசல் வரைக்கும். கூட வர்றவரை கொட்டகலையில ஏத்தி, தோட்டத்துக்கு போய், பொண்ணு வீட்டுக்கும் கோயிலுக்கும் அலைஞ்சு, ஹட்டன் ஹோலுக்கு வந்து, ராத்திரி அவரை திரும்ப கொண்டு விட்டு வீட்டுக்கு வந்தா மீட்டர்ல 84 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு 130 ரூபான்னா 10,920, விடிய முந்தி கிளம்பி ராத்திரி வரைக்கும் நிக்கிற டிரைவருக்கு 2,000, மொத்தம் 13,000 கிட்ட. முகூர்த்தம் 6 மணின்னா பொண்ணு அலங்காரம் எடுக்க 4.30க்கு வீட்ல நிக்கணும், பனி மூட்டத்துல வளைவு பாதையில ஓட்ட ஒன்றரை மணி நேரம் வச்சுக்கணும், அதனால 3 மணிக்கு கிளம்பாட்டி சரி வராது.

ஆக வெளிய போறது 57,000.

3. எடிட்டிங் நேரம், இங்கதான் எல்லாரும் விழுறாங்க

கல்யாண வேலை ஒரு நாள் வேலைன்னு நினைச்சுத்தான் விலை கொறையுது. ரெண்டு கெமராவுலயும் சேர்த்து 1,800 படம் வருதுன்னு வச்சுக்கங்க. அதுல 600 படத்தை தெரிஞ்செடுக்கவே 4 மணி நேரம் போகும். 450 படத்துக்கு கலர் சரி பண்ண படத்துக்கு ஒரு நிமிஷம் போதும். ஆனா மிச்சம் 150 கோயிலுக்குள்ள எடுத்தது, அதுக்கு ரெண்டு நிமிஷமாவது வேணும். ஏன்னா தோட்டத்து கோயில்ல மஞ்ச பல்பு ஒரு பக்கம், அலங்காரத்துக்கு போட்ட பச்ச சிவப்பு எல்இடி ஒரு பக்கம், வாசல் வழியா வர்ற பனி வெளிச்சம் நீலமா ஒரு பக்கம், இதுக்கு நடுவுல கற்பூர புகை வேற. பொண்ணோட ஒரு கன்னம் மஞ்சளாவும் மறு கன்னம் நீலமாவும் இருக்கும், ஒரு படத்துக்கு போட்ட செட்டிங்கை அடுத்ததுக்கு கொப்பி பண்ணினா பொருந்தவே பொருந்தாது, லைட்ரூம்ல முகத்தை மட்டும் தனியா மாஸ்க் போட்டு சரி பண்ணணும். இப்படி கலருக்கு மட்டும் பன்னிரண்டரை மணி நேரம். பெருசா போடுற 30 படத்துக்கு ரீடச் 5 மணி நேரம். அல்பம் டிசைன், விரிச்சு பார்த்தா 20 தாள், தாளுக்கு அரை மணின்னா 10 மணி நேரம். "சித்தப்பா குடும்பம் விட்டு போச்சு தம்பி"ன்னு வர்ற திருத்தங்களுக்கு ரெண்டரை மணி. கூட்டினா 34 மணி நேரம்.

ஒரு மணி நேரத்துக்கு உங்க விலை என்னன்னு எப்படி தெரிஞ்சுக்கிறது? மாசம் வீட்டு செலவுக்கு 90,000 வேணும், கம்பியூட்டர் முன்னாடி மாசத்துல 150 மணி நேரம் உக்கார முடியும்னா, மணிக்கு 600. 34 மணி நேரத்துக்கு 20,400. முதல் ரெண்டு மூனு கல்யாணத்துக்கு போன்ல ஸ்டொப்வொச் போட்டு உங்க சொந்த நேரத்தை எழுதி வைங்க, என்னோட 34 உங்களுக்கு 50ஆ கூட இருக்கலாம்.

அப்புறம் எடுக்குற நாளுக்கு உங்க கூலி 20,000. இதை மணிக்கு 600ன்னு போடாம கூட வைக்கிறதுக்கு காரணம் இருக்கு. ஆடியிலயும் மார்கழியிலயும் முகூர்த்தமே இல்ல, தையிலயும் ஆவணியிலயும் ஒரே நாள்ல மூனு பேர் கூப்பிடுவாங்க, நீங்க போக முடியிறது ஒரு இடம்தான். கெமரா, ரெண்டு லென்ஸ், பிளாஷ் எல்லாம் சேர்த்து 900,000 ஆச்சு, மூனு வருஷம் பாவிப்பீங்க, வருஷத்துக்கு 40 கல்யாணம்னா ஒரு கல்யாணத்து தலையில 7,500 விழும்.

4. கூட்டுங்க

57,000, 20,400, 20,000, 7,500, எல்லாம் சேர்த்து 104,900. இதுக்கு மேல 15 வீதம், அதாவது 15,735. மெமரி கார்ட் போறது, லேப்ல கலர் பிழைச்சு மறுபடி பிரிண்ட் போடுறது, தொழில்ல மிஞ்ச வேண்டிய லாபம் எல்லாம் இதுக்குள்ள. 120,635 வருது, 121,000ன்னு சொல்லுங்க.

இப்ப அந்த 75,000த்தை பாருங்க. வெளிய போற 57,000 போனா மிச்சம் 18,000, கெமரா தேய்மானம் 7,500 போனா 10,500. எடுத்த நாள் 16 மணி நேரம், எடிட்டிங் 34, ஆக 50 மணி நேரம். மணிக்கு 210 ரூபா.

5. எக்ஸ்ட்ரா கேட்டாலும் கொறைக்க சொன்னாலும்

ப்ரீஷூட்டை இனாமா குடுக்காதீங்க. நுவரெலியாவுக்கு போய் வர 95 கிலோமீட்டர், 12,350. அரை நாள் கூலி 10,000, எடிட்டிங் 8 மணி நேரம் 4,800, அதுக்கு மேல அதே 15 வீதம், 31,000 வரும். பூங்கா டிக்கெட்டும் படம் எடுக்க கேக்குற கட்டணமும் அவங்க செலவுன்னு முன்னாடியே சொல்லிடணும். ட்ரோன் கேட்டா சிவில் விமான சேவைகள் அதிகாரசபையில பதிஞ்ச ஆளை கூப்பிடுங்க, அவர் கூலிக்கு மேல 15 வீதம். பனி இறங்கி பறக்க முடியாம போனாலும் அவர் வந்த கூலி வந்ததுதான், அதையும் எழுதிக்கங்க.

"கொஞ்சம் பார்த்து போடுங்க தம்பி"ன்னு கேக்குறது நியாயம்தான், தோட்டத்துல ஒரு கல்யாணம் எடுக்குறதுன்னா எத்தன பேர் சீட்டு காசு அதுல இருக்குன்னு நமக்கு தெரியும். அதுக்காக விலையை மட்டும் கொறைக்காதீங்க, வேலையையும் சேர்த்து கொறைங்க. அல்பத்தை எடுத்துட்டா லேப் 32,000மும் டிசைன், திருத்தம் பன்னிரண்டரை மணி நேரத்து 7,500உம் 15 வீதமும் போயிடும், பேக்கேஜ் 76,000க்கு வந்துரும். எல்லா படமும் பென்டிரைவ்ல குடுத்துட்டு, "ஒரு வருஷத்துக்குள்ள எப்ப கேட்டாலும் அல்பம் போட்டு தர்றேன், அன்னிக்கு உள்ள லேப் விலையில"ன்னு சொல்லுங்க. ரெண்டாவது போட்டோகிராபரை மட்டும் வெட்டாதீங்க. தாலி கட்டுற நேரம் சொந்தக்காரங்க எல்லாம் போனை தூக்கிட்டு முன்னாடி நெருக்குவாங்க, ஒரு கெமரா மறைஞ்சாலும் மறு பக்கத்து கெமரா பிடிச்சிடும்.

6. அட்வான்ஸ்

ஒரு குடும்பம் 20,000 மட்டும் குடுத்துட்டு மிச்சத்தை அல்பம் எடுக்க வர்றப்ப தர்றோம்னாங்க. நான் அடுத்த கல்யாணத்து அட்வான்ஸை எடுத்து அந்த அல்பத்தை பிரிண்ட் போட்டேன். ஏழு மாசம் என் அலுமாரியில கிடந்துச்சு. அவங்க பேரும் முகமும் உள்ள அல்பத்தை வேற யாருக்கும் விக்க முடியாது. நீங்களும் அடுத்தவங்க அட்வான்ஸ்ல முந்தின அல்பம் போடுறீங்கன்னா, ஒன்னு விலை பத்தல, இல்ல அட்வான்ஸ் பத்தல.

அதனால மூனா பிரிங்க. திகதியை பிடிக்க 30,000. கல்யாணத்துக்கு 10 நாளைக்கு முன்னாடி 61,000. கடைசி 30,000 அல்பம் டிசைனை பார்த்து சரின்னு சொன்ன உடனே, பிரிண்டுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி. கல்யாணத்துக்கு முந்தியே 91,000 கைக்கு வந்துருது, வெளிய போற 57,000 முழுசா அதுக்குள்ள அடங்கிரும். ரெண்டாவது தவணையை சம்பளம் வர்ற 10ஆந் திகதிக்கு அடுத்த நாள்கள்ல வைங்க, தீபாவளி முற்பணம் கழிக்கிற மாசங்கள்ல கேட்டா ரெண்டா பிரிச்சு வாங்குங்க, மொத்தம் மட்டும் கல்யாணத்துக்கு முந்தி வந்துரணும்.

வீட்ல ஒரு இழவு விழுந்து திகதி மாறினா அட்வான்ஸை புது திகதிக்கு ஒரு தடவை மாத்தி குடுங்க, அந்த நாள் நீங்க சும்மா இருந்தா. கல்யாணமே நின்னா முதல் 30,000 திரும்பாது, ஏன்னா அந்த முகூர்த்த நாளுக்கு வந்த மத்தவங்களை நீங்க திருப்பி அனுப்பியிருப்பீங்க.

இதெல்லாம் வாயால சொன்னா ரெண்டு மாசத்துல மறந்துரும், அட்வான்ஸ் வாங்கின அன்னிக்கே வாட்ஸ்அப்ல இப்படி ஒன்னு அனுப்புங்க:

"வணக்கம் மாமா. கல்யாண போட்டோ மொத்தம் 121,000. இன்னிக்கு 30,000 கிடைச்சுச்சு. கல்யாணத்துக்கு 10 நாள் முந்தி 61,000, அல்பம் டிசைன் சரி பார்த்ததும் 30,000. போட்டோகிராபர் ரெண்டு பேர், காலை 4.30லேருந்து ராத்திரி 8.30 வரைக்கும். 40 பக்க அல்பம் ஒன்னு, திருத்தம் ரெண்டு தடவை. மண்சரிவால பாதை மூடி சுத்தி வந்தா கூட ஓடுற கிலோமீட்டருக்கு 130 ரூபா, வேன் ஏறாத இடத்துல ஓட்டோ காசு வீட்டார் பொறுப்பு. சரின்னா ஒரு பதில் போடுங்க மாமா."

அவர் "சரி தம்பி"ன்னு பதில் போட்ட பிறகுதான் அந்த திகதியை உங்க கலண்டர்ல சிவப்பு பேனாவால வட்டம் போடுங்க.