குழுவில் மட்டும் தெரிந்தவருக்கு முதல் மெசேஜ்: தொனி, எமோஜி, நிறுத்தக்குறி

ஒரு மாடித்தோட்ட வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒருவர் சிறகு அவரை காய்த்திருக்கும் படத்தைப் போடுகிறார். நாலு பக்கமும் இறக்கை விரித்த காய், கொடி முழுக்கத் தொங்குகிறது. உங்களுக்கு விதை வேண்டும். அவர் போட்ட படங்களையெல்லாம் பார்த்திருக்கிறீர்கள், ஆனால் அவருடைய குரலைக் கேட்டதில்லை, நேரில் பார்த்ததும் இல்லை. தனியாக ஒரு மெசேஜ் அனுப்ப வேண்டும்.

பழகியவர் 'சரி' என்று ஒரு சொல் அனுப்பினால்கூட அது அவர் குரலில் நம் காதில் விழும். அறிமுகமில்லாதவர் எழுதியதைப் படிக்க நம்மிடம் குரல் இல்லை. வார்த்தையையும் புள்ளியையும் படத்தையும் வைத்து நாமே ஒரு குரலைக் கற்பனை செய்துகொள்கிறோம். முதல் மெசேஜில் கவனிக்க வேண்டியதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

எடுத்துக்காட்டுக்கு, அனுப்புகிறவர் திண்டுக்கல்லைச் சேர்ந்த இளைஞர் கார்த்திக். பெறுகிறவர் செல்வி, வயது தெரியாது. கார்த்திக் அவசரத்தில் இப்படி அனுப்பப் பார்க்கிறார்:

> ஹாய்
>
> ஹலோ மேடம்...
>
> விதை கிடைக்குமா?? 🙏🙏🙏🌹

இதைப் படிப்படியாகச் சரிசெய்வோம்.

படி 1: அவர் எப்படி எழுதுகிறார் என்று பாருங்கள்

குழுவில் அவர் கடைசியாகப் போட்ட நாலைந்து பதிவுகளைப் படியுங்கள். 'காய் வைத்திருக்கிறது' என்று எழுதுகிறாரா, 'காய் வச்சிருக்கு' என்று எழுதுகிறாரா? தமிழ் எழுத்திலா, ஆங்கில எழுத்திலா? எமோஜி போடுகிறாரா? உங்கள் மெசேஜ் அதற்குப் பக்கத்தில் இருக்கட்டும், ஆனால் அவரைவிட ஒரு படி மரியாதை கூடுதலாக. அவர் பேச்சுத் தமிழில் எழுதுகிறவர் என்றால் 'தாங்கள் பகிர்ந்த புகைப்படத்தைக் கண்ணுற்றேன்' என்பது விண்ணப்பம் மாதிரி இருக்கும். அவர் எழுத்துத் தமிழில் எழுதுகிறவர் என்றால் 'செம்மயா இருக்கு ப்ரோ' என்பது தோளில் கை போட்டது போல ஆகிவிடும்.

நம் செல்வி பேச்சுத் தமிழில், தமிழ் எழுத்தில் எழுதுகிறார். எப்போதாவது ஒரு 😊 போடுகிறார்.

படி 2: 'ஹாய்' மட்டும் தனியாகப் போக வேண்டாம்

உங்கள் எண் அவர் போனில் சேமிக்கப்படவில்லை. வாட்ஸ்அப்பில் அவருக்குத் தெரிவது ஒரு எண், நீங்கள் வைத்திருக்கும் பெயர், அதன்கீழ் 'ஹாய்'. கூடவே, இந்த எண்ணைத் தடை செய்யலாமா என்று கேட்கும் பொத்தானும் இருக்கும். யார், எதற்கு என்று ஒன்றும் தெரியாத நிலையில் தடை செய்வதுதான் சுலபம். பெண்களுக்கு இப்படி வரும் ஹாய்கள் ஏராளம். அவற்றில் ஒன்றாக உங்களுடையதும் போய்விடும்.

இன்ஸ்டாகிராமில் இது இன்னும் கறார். உங்களைப் பின்தொடராத ஒருவருக்கு, அவர் சம்மதிக்கும்வரை ஒரே ஒரு மெசேஜ்தான் அனுப்பலாம், அதுவும் எழுத்து மட்டும். அந்த ஒன்றை 'ஹாய்' என்று செலவழித்துவிட்டால் அவ்வளவுதான்.

ஆகவே வணக்கம், பெயர், எங்கே பார்த்தோம் என்ற விவரம், கேள்வி எல்லாம் ஒரே மெசேஜில். சாட் பட்டியலில் முதல் வரிதான் தெரியும் என்பதால் உங்கள் பெயரும் குழுவின் பெயரும் அதிலேயே வந்துவிடட்டும்.

படி 3: எப்படி அழைப்பது

'அக்கா' என்பது நம்மிடையே பாசமான சொல்தான். ஆனால் எழுதுகிறவரைவிட அவர் இளையவராக இருந்தால்? 'அம்மா' இன்னும் சிக்கல். 'டியர்', 'தோழி' இரண்டும் முதல் மெசேஜில் வேண்டாம். குழுவில் எல்லோரும் அவரை 'செல்வி அக்கா' என்று அழைத்தால் நீங்களும் அப்படியே அழைக்கலாம், அது ஏற்கனவே அவர் ஏற்றுக்கொண்ட பெயர். இல்லையென்றால் 'வணக்கம்ங்க' போதும். 'ங்க' என்ற இரண்டு எழுத்து வயது, உறவு எதையும் ஊகிக்காமல் மரியாதையை மட்டும் கொடுத்துவிடுகிறது. ஆண்களுக்கு எழுதும்போதும் இதே கணக்கு. 'ப்ரோ' என்று தொடங்கிவிட்டு, எதிரே இருப்பவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் என்று தெரிந்தபின் தொனியை மாற்றுவது கஷ்டம்.

படி 4: தொனி வினைச்சொல்லில் இருக்கிறது

புதிதாக எழுதுகிறவர்கள் தொனியை எமோஜியால் சரிசெய்யப் பார்க்கிறார்கள். தமிழில் அந்த வேலையைப் பெரும்பாலும் வினைமுற்றே செய்துவிடும். ஒரே கேள்வியை நாலு விதமாகப் பாருங்கள்.

> விதை அனுப்பவும்.
>
> விதை அனுப்புங்க.
>
> விதை அனுப்ப முடியுமா?
>
> விதை எடுத்து வச்சிருந்தா கொஞ்சம் கிடைக்குமாங்க?

முதலாவது அலுவலகச் சுற்றறிக்கை. எவ்வளவு பூ போட்டாலும் அது கட்டளையாகவே நிற்கும். இரண்டாவது, பழகியவரிடம் சொல்வது. மூன்றாவது மரியாதையானது, ஆனால் 'முடியாது' என்று அவர் சொல்லித்தான் மறுக்க வேண்டும். நான்காவதில் 'எடுத்து வச்சிருந்தா' என்று ஒரு வழி விட்டிருக்கிறீர்கள். 'இந்த முறை எடுத்து வைக்கலைங்க' என்று அவர் சங்கடமில்லாமல் முடித்துக்கொள்ளலாம். முன்பின் தெரியாதவரிடம் கேட்கும்போது இந்த வழி கட்டாயம் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. எமோஜி எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

கிண்டலும் இந்த இடத்தில் வேண்டாம். மின்னஞ்சலில் கிண்டல் எவ்வளவு புரிகிறது என்று அமெரிக்க உளவியலாளர்கள் செய்த சோதனை ஒன்று 2005-இல் வெளியானது. எழுதியவர்கள், தாங்கள் விளையாட்டாகச் சொன்னதா நிஜமாகச் சொன்னதா என்பது கிட்டத்தட்ட 80 சதவீதம் சரியாகப் போய்ச் சேரும் என்று நம்பினார்கள். உண்மையில் படித்தவர்கள் சரியாகச் சொன்னது பாதியைச் சற்றே தாண்டியது. 'உங்க தோட்டத்தைப் பார்த்து எனக்குப் பொறாமையா இருக்கு' என்பது உங்களுக்குப் பாராட்டு. அவருக்கு?

படி 5: நிறுத்தக்குறிகள்

ஒரு கேள்விக்கு ஒரு கேள்விக்குறி. இதை மட்டும் கடைப்பிடித்தாலே பாதி வேலை முடிந்தது. 'கிடைக்குமா??' என்றால், ஏற்கனவே கேட்டுப் பதில் வராத எரிச்சல் தெரிகிறது. கேள்விக்குறியே இல்லாத 'விதை இருக்கா' மிரட்டல் போலவும் படும், அசட்டையாகவும் படும்.

மூன்று புள்ளிகளில் தலைமுறை வித்தியாசம் உண்டு. மூத்தவர்கள் பலர் ஒரு வாக்கியத்தையும் அடுத்ததையும் பிரிக்கவே '...' போடுகிறார்கள், அதில் உள்நோக்கம் ஒன்றும் இல்லை. இளையவர்களுக்கு அது எதையோ சொல்லாமல் விட்டது போலத் தோன்றும். 'ஹலோ மேடம்...' என்று ஓர் ஆண் அறிமுகமில்லாத பெண்ணுக்கு அனுப்பும்போது அந்தப் புள்ளிகள் இழுத்துப் பேசும் குரலாகவே கேட்கும். முதல் மெசேஜில் அவற்றை முழுதாக எடுத்துவிடுங்கள். ஆனால் பதிலில் அவர் '...' போட்டால் அதைக் கோபம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வாக்கியத்தின் முடிவில் முற்றுப்புள்ளி வைத்தால் கடுமையாகிவிடுமா என்று சிலர் கேட்பார்கள். நியூயார்க் மாநிலத்தின் பிங்காம்டன் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2015-இல் வந்தது. ஒரே சொல்லில் வரும் பதிலின் முடிவில் முற்றுப்புள்ளி இருந்தால் அதில் மனப்பூர்வம் குறைவு என்று மாணவர்கள் மதிப்பிட்டார்கள். கையால் எழுதிய குறிப்பில் அந்த வித்தியாசம் இல்லை. அது ஆங்கிலத்தில், ஒற்றைச்சொல் பதில்களைப் பற்றியது. நம் மெசேஜில் மூன்று நான்கு முழு வாக்கியங்கள் இருப்பதால் இடையில் முற்றுப்புள்ளி வைப்பதே படிக்கச் சுலபம். 'சரி.', 'ஓகே.' போன்ற ஒற்றைச்சொல் பதில்களில் மட்டும் புள்ளியை விட்டுவிடலாம்.

ஆச்சரியக்குறி ஒன்று போதும், வணக்கத்திலோ நன்றியிலோ.

படி 6: எமோஜி ஒன்று, அதுவும் இடம் பார்த்து

🙏 நம் ஊரில் வணக்கமாகவும் படிக்கப்படும், நன்றியாகவும் படிக்கப்படும், கெஞ்சலாகவும் படிக்கப்படும். எது என்பதை அது நிற்கும் இடம் முடிவு செய்கிறது. 'வணக்கம்ங்க 🙏' என்றால் கைகூப்பல். 'கிடைக்குமா 🙏🙏🙏' என்றால் கெஞ்சல். கெஞ்சினால் மறுப்பது கடினமாகும், நான்காம் படியில் நாம் விட்ட வழியை அது அடைத்துவிடும்.

🌹, ❤️, 😘 மூன்றும் வேண்டாம். காலை வணக்கப் படங்களில் ரோஜா சாதாரணம்தான், ஆனால் அது பழகியவர்களுக்குள். ❤️ தனியாகப் போனால் வாட்ஸ்அப்பில் பெரிதாகத் துடிக்கும், அந்தத் துடிப்பு முதல் நாளில் வேண்டாம். 🙂 சிரிப்பு மாதிரி இருந்தாலும், இளையவர்கள் பலர் அதைச் சங்கடச் சிரிப்பாகப் படிக்கிறார்கள். 😊 அந்தச் சந்தேகத்துக்கு இடம் தருவதில்லை.

இன்னொன்று, நீங்கள் பார்க்கும் முகமே அவருக்கும் தெரியும் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு நிறுவனமும் எமோஜியைத் தானே வரைகிறது. மினசோட்டா பல்கலைக்கழகத்தினர் 2016-இல் ஆராய்ந்தபோது, 😁 கூகுள் வரைந்த வடிவத்தில் மகிழ்ச்சியாகவும், ஆப்பிளின் அன்றைய வடிவத்தில் பல்லைக் கடிப்பது போலவும் படிக்கப்பட்டது. பிறகு ஆப்பிள் அதை மாற்றி வரைந்தது. வாட்ஸ்அப் இப்போது ஆண்ட்ராய்டில் தன் சொந்த எமோஜிகளைக் காட்டுகிறது, ஐபோனில் ஆப்பிளின் எமோஜிகள்தான் தெரியும். ஆகவே எமோஜியை எடுத்துவிட்டாலும் வாக்கியம் அதே பொருள் தர வேண்டும். தரவில்லை என்றால் வாக்கியத்தை மாற்றுங்கள்.

படி 7: அனுப்பும் முன்

கார்த்திக்கின் மெசேஜ் இப்போது இப்படி:

> வணக்கம்ங்க, நான் கார்த்திக், நம்ம மாடித்தோட்டக் குழுவுல இருக்கேன். ஊர் திண்டுக்கல். நேத்து நீங்க போட்ட சிறகு அவரை படம் பார்த்தேன், கொடி முழுக்கக் காய் ரொம்ப அழகா இருந்தது. விதை எடுத்து வச்சிருந்தா கொஞ்சம் கிடைக்குமாங்க? கூரியர் செலவை நான் அனுப்பிடறேன். இல்லைன்னாலும் பரவாயில்லைங்க. நன்றி 😊

வாட்ஸ்அப்பில் உங்களுக்கே மெசேஜ் அனுப்பிக்கொள்ளலாம். முதலில் அங்கே அனுப்பி, சாட் பட்டியலில் முதல் வரி எதுவரை தெரிகிறது என்று பாருங்கள். பிறகு யாரோ ஒரு முன்கோபி படிப்பதாக நினைத்து, சத்தமாக ஒருமுறை வாசியுங்கள். இரவு பத்து மணிக்கு மேல் என்றால் காலைவரை பொறுங்கள், நேரமும் தொனியில் சேரும். அனுப்பியபின் எழுத்துப்பிழை கண்ணில் பட்டால் 15 நிமிடத்துக்குள் திருத்தலாம். அழித்துவிட்டு மறுபடி அனுப்பாதீர்கள். 'அழிக்கப்பட்டது' என்ற வரி அங்கேயே நின்று, என்ன எழுதினார் என்ற கேள்வியைக் கிளப்பும்.

படி 8: பதில் வந்தபின்

'இருக்குங்க. அட்ரஸ் அனுப்புங்க' என்று வந்தால், அது குளிர்ச்சியான பதில் இல்லை. வேலைக்கு நடுவே தட்டியது. விலாசத்தை அனுப்பி ஒரு நன்றி சொல்லுங்கள், எமோஜியின் எண்ணிக்கை அவர் போட்ட அளவைத் தாண்ட வேண்டாம். அவர் 'தம்பி' என்று அழைத்தால் அப்போது 'அக்கா'வுக்கு மாறலாம்.

நீல டிக் விழுந்தும் பதில் இல்லையா? '??' அனுப்பாதீர்கள், போன் செய்யாதீர்கள். நாலைந்து நாள் கழித்து ஒரே ஒரு முறை 'விதை பத்திக் கேட்டிருந்தேன்ங்க, நேரம் இருக்கும்போது சொல்லுங்க' என்று எழுதலாம். அதற்கும் மௌனம் என்றால் அதுவே பதில். குழுவில் பொதுவாக 'சிறகு அவரை விதை யாரிடமாவது இருக்கிறதா?' என்று கேளுங்கள், அவர் பெயரைக் குறிப்பிடாமல்.