கிருமி சாந்தமாகிவிடும் என்று எழுதுமுன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பில் உயர்தர உயிரியல் படிப்பிக்கிறேன். கூர்ப்புப் பாடம் வந்தால், கொப்பிகளில் அதே வசனம் திரும்பத் திரும்ப வரும்: "விருந்துவழங்கியைக் கொன்றால் ஒட்டுண்ணியும் அழியும், ஆகவே காலப்போக்கில் எல்லா ஒட்டுண்ணிகளும் தீங்கற்றவையாக மாறும்." முதல் பாதி பெரும்பாலும் சரி. இரண்டாவது பாதி அதிலிருந்து வராது. வரைவிலக்கணப் பிழைகளை இங்கே விட்டுவிடுகிறேன், அவை புத்தகத்தைப் பார்த்தாலே திருந்திவிடும்.

கிருமி தன் இனத்தின் நன்மையை யோசிக்கும் என்று நினைப்பது

கிருமிக்கு நாளைய திட்டம் எதுவும் கிடையாது. பல திரிபுகள் இருக்கும்போது எது அதிகம் பேருக்குத் தொற்றுகிறதோ அது பெருகும், அவ்வளவுதான். அதைக் கணக்கிட ஒரு எளிய சமன்பாடு உண்டு:

R0 = β / (μ + α + γ)

நோய் ஒருவருக்கும் வந்திராத கூட்டத்தில், ஒரு நோயாளி எத்தனை பேருக்குத் தொற்றவைப்பார் என்பதே R0. β தொற்றும் வேகம், μ இயல்பான இறப்பு, α நோயால் வரும் இறப்பு, γ குணமாதல். மற்றவை மாறாமல் α மட்டும் குறையுமென்றால் மாணவர் எழுதியது சரி. கிருமி சாந்தமாகத்தான் போகும். ஆனால் உடலில் கிருமி பெருகப் பெருகத் தொற்றும் வேகமும் கூடும், கேடும் கூடும் என்றால் α குறையும்போது β-வும் சேர்ந்து குறையும். இந்த விட்டுக்கொடுப்பைத்தான் ரோய் அண்டர்சன், ராபர்ட் மே என்ற இரு ஆய்வாளர்கள் 1982இல் கணக்காக முன்வைத்தார்கள். அந்தக் கணக்கில் வெல்வது பெரும்பாலும் நடுத்தர வீரியம்.

முயல் கதையைப் பாதியில் நிறுத்துவது

எனக்கு இன்றும் எரிச்சல் தருவது இந்தப் பிழைதான். அவுஸ்திரேலியாவில் முயல் தொல்லையை அடக்க 1950இல் மிக்சோமா வைரசைப் பரவவிட்டார்கள். தென்னமெரிக்காவின் ஒரு வகைக் காட்டு முயலில் அது சிறு கட்டி மட்டுமே உண்டாக்கும். ஐரோப்பிய முயலிலோ, விடப்பட்ட திரிபு நூற்றுக்கு 99க்கு மேல் கொன்றது. சில ஆண்டுகளில் வயலிலிருந்து எடுத்த வைரஸ்கள் அவ்வளவு கொல்லவில்லை. "பார்த்தீர்களா, சாந்தமாகிவிட்டது" என்று இதோடு கொப்பியை மூடிவிடுகிறார்கள்.

அவுஸ்திரேலிய வைரஸ் ஆய்வாளர் பிராங் பென்னர் அந்தத் திரிபுகளை ஐந்து தரமாகப் பிரித்தார். முதல் தரம் 99 சதவீதத்துக்கு மேல் கொல்லும், முயல் இரண்டு வாரத்துக்குள் செத்துவிடும். மூன்றாம் தரம் 70 முதல் 95 சதவீதம் கொல்லும், ஆனால் முயல் 17 முதல் 28 நாள் வரை உயிரோடு கிடக்கும். ஐந்தாம் தரத்தில் பாதிக்கு மேல் பிழைக்கும். காட்டில் பரவலாக நிலைத்தது ஐந்தாம் தரமல்ல, மூன்றாம் தரம். பத்து முயலில் ஏழுக்கு மேல் கொல்லும் வைரசைத் தீங்கற்றது என்று எப்படி எழுத முடியும்?

காரணம் நுளம்பில் இருக்கிறது. இந்த வைரஸ் நுளம்புக்குள் பெருகாது. முயலின் தோல் கட்டியில் குத்தும்போது வாயூசியில் ஒட்டிக்கொண்டு அடுத்த முயலுக்குப் போகும். ஒட்டுவதற்குக் கட்டியில் வைரஸ் நிறைய வேண்டும். விளங்குவதற்காக நானே எண்கள் போட்டுப் பார்க்கிறேன். முதல் தரத் திரிபு நாளுக்கு 2 முயலுக்குத் தொற்றுகிறது, தொற்றவைக்கத் தொடங்கி 5 நாளில் முயல் சாகிறது: மொத்தம் 10. மூன்றாம் தரம் நாளுக்கு 1.5 வீதம் 15 நாள்: 22.5. ஐந்தாம் தரத்தில் கட்டியில் வைரஸ் குறைவு, முயலும் வேகமாகக் குணமாகிவிடும். நாளுக்கு 0.3 வீதம் 10 நாள் என்றால் வெறும் 3. சாந்தமானதுதான் முதலில் தோற்கிறது.

கதையின் அடுத்த பாதியை ஒருவரும் எழுதுவதில்லை. முயலும் மாறியது. யுரானா ஏரிப் பகுதியில், கொள்ளைநோய் ஒவ்வொன்றும் முடிந்தபின் பிறந்த காட்டு முயல்களைப் பிடித்து, அதே மூன்றாம் தர வைரசைக் கொடுத்துப் பார்த்தார்கள். தொடக்கத்தில் சுமார் 90 சதவீதம் செத்தது. ஏழு கொள்ளைநோய்களுக்குப் பின் சுமார் 25 சதவீதமே செத்தது. வைரஸ் அதேதான், முயல்தான் வேறு. பின்னாளில் இன்னும் வீரியமான திரிபுகளும் காட்டில் தோன்றின.

ஆகவே காட்டில் சாவு குறைந்ததைப் பார்த்து மட்டும் எது மாறியது என்று சொல்ல முடியாது. பழைய வைரசைப் புதிய முயலுக்கும், புதிய வைரசைப் பழைய முயலுக்கும் கொடுத்துப் பார்க்க வேண்டும். பென்னரின் தரங்கள் எல்லாம் நோயைச் சந்தித்திராத ஆய்வுகூட முயல்களில் அளந்தவை. இதனால்தான் திரிபுகளை ஒன்றோடொன்று ஒப்பிட முடிந்தது.

இந்தப் பிழை கோழிக்கூட்டில் பணத்தைத் தின்னும். என்னிடம் படித்த ஒரு தம்பி ஏறாவூர்ப் பக்கம் முட்டைக்கோழி வளர்க்கிறார். மரெக்ஸ் என்ற கோழி வைரஸ் நோய்க்குப் பொரித்த அன்றே தடுப்பூசி போட்ட குஞ்சுகளை வாங்கி வளர்த்தார், கூட்டில் சாவு இல்லை. "சேர், இப்ப அந்த வருத்தம் முந்தி மாதிரி இல்ல, கிருமிக்குப் பலம் குறைஞ்சிட்டு" என்றார். அடை வைத்துப் பொரித்த நாட்டுக்கோழிக் குஞ்சுகளையும் அதே கூட்டோடு விட்டார். இரண்டு மூன்று மாதத்தில் அவற்றில் சில ஒரு காலை முன்னுக்கும் மற்றக் காலைப் பின்னுக்கும் நீட்டி விழுந்தன. எழும்பவில்லை. மரெக்ஸின் அடையாளம் அது. மிருக வைத்தியரும் அதையே சொன்னார்.

அந்தத் தடுப்பூசி கோழியைச் சாவிலிருந்து காக்கும், ஆனால் தொற்றை முழுதாகத் தடுக்காது. பிழைத்த கோழியின் இறகுத் தூசியோடு வைரஸ் கூட்டில் கொட்டிக்கொண்டே இருக்கும். அன்ட்ரூ ரீட் என்ற ஆய்வாளரின் குழு 2015இல் காட்டியது இதற்கும் ஒரு படி மேலே. மிக வீரியமான திரிபுகள் தடுப்பூசியில்லாக் கோழியை, அது வைரசைச் சரிவரப் பரப்புமுன்னே கொன்றுவிட்டன. தடுப்பூசி போட்ட கோழியோ பிழைத்து வாரக்கணக்கில் பரப்பியது. கோழி சாகாததால் மேலே சொன்ன சமன்பாட்டில் α-வின் விலை விழுந்துவிடுகிறது. தனியே விட்டால் தன் வீரியத்தாலேயே அற்றுப்போயிருக்கும் திரிபு இப்போது நிலைக்க முடிகிறது. ஏறாவூர்க் கூட்டில் இருந்தது அப்படிப்பட்ட திரிபு என்று நான் சொல்லவில்லை. அதை அறிய ஆய்வுகூடத்தில் அளக்க வேண்டும். ஆனால் சாவு குறைந்ததற்குக் காரணம் கோழிக்குக் கிடைத்த பாதுகாப்பு என்பதை மட்டும் அந்தக் குஞ்சுகள் தெளிவாகக் காட்டின.

அதனால் தடுப்பூசி வேண்டாம் என்பது

இல்லை. கூட்டில் இருக்கும் ஒவ்வொரு கோழிக்கும் போடுங்கள், போடாததைச் சேர்க்காதீர்கள்.

பழைய நோய் என்றால் சாந்தமான நோய் என்பது

விசர்நாய்க்கடி மிகப் பழைய நோய். அறிகுறி தொடங்கிவிட்டால் இன்றும் கிட்டத்தட்ட எல்லோரும் இறக்கிறார்கள். எச்சிலில் வைரசும் கடிக்கும் வெறியும் ஒன்றாக வருவதால், நாய் சாகுமுன்னே அதன் வேலை முடிந்துவிடுகிறது.

நோய் செய்யும் எல்லாக் கேட்டுக்கும் ஒரே கணக்குப் போடுவது

விட்டுக்கொடுப்பு, கேடும் பரவலும் ஒன்றோடொன்று கட்டுண்டிருக்கும் இடத்தில்தான் செல்லும். போலியோ வைரஸ் குடலில் பெருகி மலத்தின் வழியே பரவுகிறது. தொற்றிய சுமார் 200 பேரில் ஒருவருக்கு அது நரம்புக்குள் போய்க் காலை முடமாக்குகிறது. அந்த முடத்தால் வைரசுக்கு ஒரு தொற்றும் கூடுவதில்லை, குறைவதும் அரிது. அப்படிப்பட்ட கேட்டைக் கூட்டவோ குறைக்கவோ இயற்கைத் தேர்வுக்கு அங்கே பிடி இல்லை.