மணமேடையின் வெள்ளைத் திரையை மாற்றிய அனுபவம்

என் தங்கையின் திருமணத்திற்கு முதல் நாள் மாலை, சிங்கப்பூரின் சிராங்கூன் சாலைக்கு அருகிலுள்ள மண்டபத்தில் விளக்குகள் அனைத்தையும் போட்டு மேடையைப் பார்த்தோம். வெள்ளை சாட்டின் திரையும் ஊதா ஆர்க்கிட் சரங்களும் நேரில் அழகாகவே இருந்தன. ஆனால் கைபேசியில் படமெடுத்தபோது திரை மடிப்புகள் மறைந்து ஒரே வெளுப்பாகத் தெரிந்தது. முன்னால் நின்ற தங்கையின் முகம் இருண்டிருந்தது. பூக்கள் பழுப்பேறி வாடியவைபோல் இருந்தன.

பளபளப்பான சாட்டின் துணி வெளிச்சத்தை நேராகத் திருப்பி அனுப்புவதாலும், கேமரா அந்த வெளுப்புக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொள்வதாலும் முகம் இருள்கிறது. மஞ்சள் விளக்கில் நீல ஒளி குறைவாக இருப்பதால் ஊதா நிறம் மங்குகிறது.

அலங்காரக்காரரிடம் சொல்லி, பளபளப்பில்லாத சந்தன நிறத் துணியைக் கட்டச் செய்தோம். ஆர்க்கிட்டுக்குப் பதிலாகத் தேக்கா சந்தையில் வாங்கிய ஆரஞ்சுச் சாமந்தியையும் இளஞ்சிவப்பு ரோஜாவையும் வைத்து, மணமக்களின் தலைக்குப் பின்னால் வரும் இடத்தில் மட்டும் பச்சை இலைகளை அடர்த்தியாகச் செருகினோம். வெளிர்த் திரைக்கு முன் மல்லிகைச் சரம் கரைந்துபோகும் என்பதே காரணம். பிறகு அரக்குச் சிவப்புக் கூறைப்புடவையைத் திரைக்கு முன் பிடித்து மீண்டும் படமெடுத்தபோது, சரிகையும் துணியின் மடிப்புகளும் தனித்தனியே தெரிந்தன.

வண்ண எல்இடி விளக்குகள் உள்ள மண்டபத்தில் இது மட்டும் போதாது. நீல, ஊதா ஒளி முகத்தில் விழுந்தால் படத்தில் பின்னர் திருத்துவது கடினம் என்பதால், அவற்றைத் திரையின் அடிப்பகுதியை நோக்கியே திருப்பி வைக்க வேண்டும்.